விற்பனையாளர்களின் புகாரால் வாங்குபவர் கணக்கு முடக்கப்பட்டால்: முறையீடு முதல் மறுபடி நிகழாமல் தடுப்பது வரை

இணையச் சந்தைகளில் விற்பவர்களின் கணக்குகள் முடக்கப்படுவதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. வாங்குபவரின் கணக்கும் முடக்கப்படலாம் என்பது, தனக்கு நேரும் வரை பலருக்குத் தெரிவதில்லை. காசு கொடுப்பவர் நாம்தானே, நம்மை எதற்காகத் தடுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பே அதற்குக் காரணம். ஆனால் ஈபே போன்ற தளங்களில் ஒவ்வொரு ஆர்டரிலும் வாங்குபவர்மீது புகார் அளிக்கும் வசதி விற்பவருக்கு உண்டு. பணம் செலுத்தவில்லை, பொய்க் காரணம் சொல்லிப் பொருளைத் திருப்பினார், வேறு பொருளை மாற்றி அனுப்பினார், மதிப்பீட்டைக் காட்டி மிரட்டினார் என்பவை அதிகம் வரும் புகார்கள். ஈபேயில் 2008 முதல் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு இட முடியாது. அதனால் விற்பவரின் அதிருப்தி பொதுப் பார்வைக்கு வராமல், புகாராகத் தளத்தின் உட்பதிவில் சேர்கிறது. வாங்குபவரின் சுயவிவரம் பளிச்சென்று இருக்கும்போதே கணக்கு முடங்குவது இதனால்தான்.

கணக்கு முடங்கியதும், கடைசியாகச் சண்டையிட்ட விற்பனையாளரைப் பலரும் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான கணிப்பு. ஒரு விற்பனையாளரின் ஒரு புகாரை வைத்துத் தளங்கள் பொதுவாகக் கணக்கை முடக்குவதில்லை. ஒருவரையொருவர் அறியாத பல விற்பனையாளர்களின் புகார்கள் ஒரே திசையைக் காட்டும்போதும், திருப்பியனுப்பிய பொருள்களின் விகிதம் மொத்தக் கொள்முதலோடு ஒப்பிட மிக அதிகமாக இருக்கும்போதும்தான் கட்டுப்பாடு வருகிறது. ஆகவே, முறையீட்டில் ஒரு விற்பனையாளரை வென்று காட்டிப் பயனில்லை. பதிவில் தெரியும் போக்கு முழுவதற்கும் விளக்கம் தர வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த அடிப்படையிலேயே அமைந்தவை.

முதல் படி: என்ன தடைபட்டிருக்கிறது என்பதைச் சரியாக அறிதல்

அறிவிப்பு மின்னஞ்சலில் வந்திருந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். “உங்கள் கணக்கு முடக்கப்பட்டது” என்பது கடவுச்சொல் திருடுபவர்களுக்கு மிகவும் பிடித்த தலைப்பு. தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்நுழைந்து, கணக்கினுள் இருக்கும் செய்திப் பெட்டியில் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த மின்னஞ்சல் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அறிவிப்பு உண்மையானது என்றால், அது எந்த வகைக் கட்டுப்பாடு என்று கவனியுங்கள். சில நேரங்களில் ஏலம் கேட்பதும் புதிதாக வாங்குவதும் மட்டும் தடைபடும். சில நேரங்களில் வாங்கலாம், ஆனால் ரிட்டர்ன், ரீஃபண்ட் கோரும் உரிமை பறிக்கப்பட்டிருக்கும். இது சத்தமில்லாமல் வருவதால் அடுத்த பொருளில் சிக்கல் வரும்போதுதான் தெரியவரும். மூன்றாவது, முழுக் கணக்கும் நிறுத்தப்படுவது. இவற்றிலிருந்து வேறுபட்ட ஒன்றும் உண்டு. குறிப்பிட்ட ஒரு விற்பனையாளர் உங்களைத் தம் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தால் அவருடைய பொருள்களை மட்டும் வாங்க முடியாது. ஈபேயில், கடந்த 12 மாதங்களில் பணம் செலுத்தாமல் இரண்டு ஆர்டர்கள் ரத்தானவர்களைத் தானாகவே தடுக்கும்படி விற்பவர் அமைத்துக்கொள்ளலாம். இது அந்த விற்பனையாளரின் தேர்வு. இதற்காகத் தளத்திடம் முறையிடுவது வீண் வேலை.

இந்தக் கட்டத்தில் செய்யவே கூடாதது புதுக் கணக்குத் தொடங்குவது. முகவரி, தொலைபேசி எண், பணம் செலுத்தும் அட்டை, பயன்படுத்தும் கருவி ஆகியவற்றின் வழியே தளங்கள் கணக்குகளை இணைத்துப் பார்க்கின்றன. புதுக் கணக்கு சில நாள்களில் பிடிபடும். அதோடு, தற்காலிகமாக இருந்திருக்கக்கூடிய தடை, கட்டுப்பாட்டை ஏய்த்த குற்றமாக மாறி நிரந்தரமாகிவிடும். வீட்டிலுள்ள மற்றவரின் கணக்கிலிருந்து அதே முகவரிக்கு வாங்குவதும் அவருடைய கணக்கை ஆபத்தில் தள்ளும்.

இரண்டாம் படி: நடப்பிலுள்ள ஆர்டர்களைக் காப்பாற்றுதல்

முறையீடு எழுதுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும், ஏனெனில் முறையீடு காத்திருக்கும், ரிட்டர்ன் கெடு காத்திருக்காது. வழியில் இருக்கும் பொருள்கள், திருப்பியனுப்ப ஒப்புதல் கிடைத்தவை, ரீஃபண்ட் வர வேண்டியவை என மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். திருப்பியனுப்ப வேண்டியதை உடனே அனுப்பி, கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கு முடங்கியிருக்கிறது என்பதற்காக ஏற்கெனவே வென்ற பொருளுக்குப் பணம் கட்டாமல் விட்டால் இன்னொரு கரும்புள்ளி சேரும். ஈபேயில் பணம் செலுத்த நான்கு நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகு விற்பவர் ஆர்டரை ரத்து செய்யலாம், அந்த ரத்து உங்கள் பதிவில் ஏறும். பணம் கட்டும் வழியையே தளம் அடைத்திருந்தால், அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்து, ஆர்டர் விவரங்கள், விற்பவருடனான செய்திகள், டிராக்கிங் பக்கங்கள், பொருளின் விற்பனை அறிவிப்பு ஆகியவற்றைச் சேமியுங்கள். கட்டுப்பாடு முழு நிறுத்தமாக மாறினால் செய்திப் பெட்டியே திறக்காமல் போகலாம். பழைய விற்பனை அறிவிப்புகளும் காலப்போக்கில் தளத்திலிருந்து நீங்கிவிடும். விற்பவர் எழுதிய விவரணையே உங்கள் முதன்மைச் சான்று என்பதால் அதை இழக்கக் கூடாது.

கோபத்தில் வங்கிக்குப் போன் செய்து, செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கையை எழுப்புவதும் இப்போது வேண்டாம். அட்டை நிறுவனத்தின் வழியாகப் பணம் மீட்பது உங்கள் உரிமைதான். ஆனால் தளத்தின் பாதுகாப்புத் திட்டம், வங்கிக் கோரிக்கை ஆகிய இரண்டையும் ஒரே ஆர்டருக்கு ஒன்றாக நடத்த முடியாது. ஈபேயில் வங்கி வழியே சென்றால் தளத்தில் திறந்த வழக்கு முடிந்துவிடும். தளத்தின் வழி முற்றிலும் அடைபட்ட பிறகு, உண்மையில் ஏமாற்றப்பட்ட ஆர்டருக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வங்கியில் இதற்கான கெடு என்ன என்பதை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: உங்கள் பதிவைத் தளத்தின் கண்ணால் பார்த்தல்

யார் புகார் செய்தார், என்ன சொன்னார் என்பதைத் தளங்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. “வாங்குபவர் கொள்கைக்கு முரணான நடத்தை” என்ற அளவிலேயே அறிவிப்பு இருக்கும். ஆகவே, கடந்த 12 மாத ஆர்டர்களை நீங்களே அட்டவணையாக்க வேண்டும். தேதி, பொருள், சிக்கல், நீங்கள் தேர்ந்தெடுத்த காரணம், முடிவு, உங்கள் கையிலுள்ள சான்று என ஆறு பத்திகள் போதும். சிக்கல் இல்லாத ஆர்டர்களின் எண்ணிக்கையையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் செய்வதென்று ஓர் உதாரணத்தின் வழியே பார்க்கலாம். பழைய கேமராக் கருவிகள் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் 26 ஆர்டர்கள். அவற்றில் நான்கில் சிக்கல்.

முதலாவது ஒரு லென்ஸ். கண்ணாடி தெளிவாக இருப்பதாக அறிவிப்பில் எழுதியிருந்தது. வந்த லென்ஸின் உள்ளே பூஞ்சை படர்ந்திருந்தது. விவரணைக்கு மாறான பொருள் என்று சொல்லித் திருப்பினார். தான் அனுப்பியதல்லாத வேறு லென்ஸ் திரும்பி வந்ததாக விற்பவர் சொல்கிறார். இரண்டாவது ஒரு ஃபிளாஷ். அதில் பழுது எதுவும் இல்லை, இவருடைய கேமராவுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். “மனம் மாறியது” என்று தேர்ந்தெடுத்தால் திருப்பியனுப்பும் செலவு தன் தலையில் விழும் என்பதால் “வேலை செய்யவில்லை” என்று தேர்ந்தெடுத்தார். மூன்றாவது ஒரு பை. வாரில் கிழிசல் இருந்தது. “பாதித் தொகையைத் தந்தால் நல்ல மதிப்பீடு தருகிறேன், இல்லாவிட்டால் நடந்ததை எழுதிவிடுவேன்” என்று செய்தி அனுப்பினார். நான்காவது ஒரு முக்காலி. வரவில்லை என்று ரீஃபண்ட் பெற்றார். இரண்டு வாரம் கழித்துப் பொருள் வந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இவரைக் கேட்டால் நான்குமே விற்பவர்களின் தொல்லை என்றுதான் சொல்வார். தளத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. பொருளை மாற்றியதாக ஒரு புகார், பொய்க் காரணத்துக்கு ஒன்று, மதிப்பீட்டு மிரட்டலுக்கு ஒன்று, பொருளும் பணமும் இரண்டும் இவரிடம் இருப்பதற்கு டிராக்கிங் சான்றோடு ஒன்று. நான்கு வெவ்வேறு விற்பனையாளர்கள். இவற்றில் இவர் உண்மையாகவே பாதிக்கப்பட்டது முதலாவதில். பையிலும் கிழிசல் உண்மை, ஆனால் எழுதிய செய்தி அதைக் கெடுத்துவிட்டது. இந்த வேறுபாட்டை அட்டவணையில் நேர்மையாகக் குறித்துக்கொள்ளாதவர் எழுதும் முறையீடு பெரும்பாலும் நிராகரிக்கப்படும், ஏனெனில் அதைப் படிக்கும் ஊழியரின் திரையில் அந்தச் செய்தியும் டிராக்கிங் பதிவும் ஏற்கெனவே திறந்திருக்கும்.

நான்காம் படி: சான்றுகள்

நான்கு ஆர்டர்களுக்கும் கட்டுக்கட்டாகப் படங்கள் தேவையில்லை. மறுக்கப் போகும் குற்றச்சாட்டுக்கு மட்டும் உறுதியான சான்று வேண்டும். உதாரணத்தில் அது லென்ஸ். லென்ஸின் வளையத்தில் பொறித்திருக்கும் வரிசை எண் விற்பனை அறிவிப்பின் படத்தில் தெரிகிறதா, பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படத்தில் அதே எண் இருக்கிறதா, திருப்பியனுப்பப் பொதிந்தபோது எடுத்த படத்திலும் இருக்கிறதா? மூன்றும் பொருந்தினால் விவாதம் அங்கேயே முடிகிறது. வரிசை எண் இல்லாத பொருள் என்றால் கீறல், கறை, தையல் போன்ற தனி அடையாளங்களைக் காட்ட வேண்டும். கூரியர் ரசீதில் பதிவான எடையும் உதவும். வந்த பெட்டியின் எடையும் திரும்பிய பெட்டியின் எடையும் ஒத்திருப்பது தனியாக எதையும் நிரூபிக்காது என்றாலும் மற்றச் சான்றுகளுக்கு வலு சேர்க்கும்.

படங்களின் மூலக் கோப்புகளையே வைத்திருங்கள். எடுத்த தேதியும் நேரமும் அவற்றில் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிச் சேமித்தால் அந்தத் தகவல் நீங்கிவிடும். கையில் படமே இல்லையென்றால் இல்லை என்பதே நிலை. புதிதாக ஒன்றை உருவாக்கவோ, தேதியைத் திருத்தவோ முயல்வது மீள முடியாத தவறு.

ஐந்தாம் படி: முறையீடு

பல தளங்களில் முறையீட்டுக்கென்று தனிப் படிவமோ, அறிவிப்பிலேயே பதில் வழியோ இருக்கும். அரட்டை உதவியில் வருபவருக்குக் கணக்கைத் திறக்கும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. எனவே முழுக் கதையையும் அங்கே கொட்ட வேண்டாம். முறையீட்டுக்கான சரியான வழி எது, அனுப்பிய பிறகு எத்தனை நாளில் பதில் வரும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

ஒரே முறையீட்டை ஒரு முறை, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். உதாரண வாங்குபவர் எழுத வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

> எனது கணக்கின் மீது விதிக்கப்பட்டுள்ள கட்டுப்பாட்டை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த 12 மாதங்களில் நான் 26 பொருள்கள் வாங்கியுள்ளேன். அவற்றில் 4 ஆர்டர்களில் சிக்கல் எழுந்தது. ஆர்டர் எண்களுடன் விளக்கம் கீழே உள்ளது.
>
> லென்ஸ்: பூஞ்சை இருந்ததால் திருப்பினேன். விற்பனை அறிவிப்பின் படம், பெற்ற நாளில் எடுத்த படம், திருப்பியனுப்பிய நாளில் எடுத்த படம் ஆகிய மூன்றிலும் ஒரே வரிசை எண் தெரிகிறது. மூன்றையும் இணைத்துள்ளேன். வேறு பொருளை அனுப்பியதாகக் கூறப்பட்டிருந்தால் அதை மறுக்கிறேன்.
>
> ஃபிளாஷ்: பொருள் என் கேமராவுக்குப் பொருந்தவில்லை. திருப்பும்போது நான் தேர்ந்தெடுத்த காரணம் சரியானதல்ல. திருப்பியனுப்பிய செலவை ஏற்கத் தயாராக இருக்கிறேன்.
>
> பை: கிழிசல் இருந்தது உண்மை, படம் இணைத்துள்ளேன். ஆனால் மதிப்பீட்டையும் பணத்தையும் தொடர்புபடுத்தி நான் எழுதியது விதிக்கு முரணானது என்பதை ஏற்கிறேன்.
>
> முக்காலி: ரீஃபண்ட் வந்த பிறகு பொருள் வந்து சேர்ந்தது. நான் தெரிவிக்கத் தவறினேன். தொகையைத் திருப்பிச் செலுத்தும் வழியைத் தெரிவித்தால் உடனே செலுத்துகிறேன்.

கடைசியில், இனி என்ன மாற்றிக்கொள்வீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சேர்க்கலாம். எத்தனை ஆண்டுகளாக வாடிக்கையாளர், எவ்வளவு செலவழித்திருக்கிறேன், வழக்குப் போடுவேன், சமூக வலைத்தளத்தில் எழுதுவேன் என்பவற்றுக்கு இங்கே இடமில்லை. விற்பவர்களைத் திட்டுவதும் உதவாது. அந்த ஊழியர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தக் கணக்கைத் திறந்தால் மறுபடி இதே புகார்கள் வருமா?

ஏற்றுக்கொள்வதிலும் ஓர் எல்லை உண்டு. நடந்த செயலை ஏற்கலாம். செய்யாததைச் சீக்கிரம் முடியட்டும் என்று ஏற்கக் கூடாது. பொருளை மாற்றி அனுப்பியது மோசடிக் குற்றச்சாட்டு என்பதால், தொகை பெரியதாக இருந்தால் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது. வருத்தம் தெரிவித்துச் சமாதானப்படுத்தலாம் என்று விற்பவர்களைத் தனித்தனியே தொடர்புகொள்வதும் வேண்டாம். புகாரைத் திரும்பப் பெறும்படி கேட்கும் செய்தி, இன்னொரு தொந்தரவுப் புகாராக மாறிவிடும். பணம் திருப்பித் தர வேண்டிய முக்காலி விஷயம் ஒன்றுதான் விதிவிலக்கு. அதையும் தளத்தின் செய்திப் பெட்டி வழியே சுருக்கமாகச் செய்யுங்கள்.

பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ

அவர்கள் சொன்ன கால அளவு முடியும் வரை மறுபடி அனுப்பாதீர்கள். ஒரே கோரிக்கை பலமுறை வந்தால் சில அமைப்புகள் அவற்றை ஒன்றாக்கி வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். காலம் கடந்தால், முதல் முறையீட்டின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். மறுப்பு வந்திருந்தால் புதிய சான்று இருந்தால் மட்டுமே இரண்டாம் முறையீடு அர்த்தமுள்ளது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு இன்னொரு கருவி இருக்கிறது. ஜிடிபிஆர் எனப்படும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 15ஆம் பிரிவின்படி, தம்மைப் பற்றித் தளம் வைத்திருக்கும் தரவுகளின் நகலைக் கேட்கலாம். தளம் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கைக்கு மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். புகார் அளித்தவரின் அடையாளம் மறைக்கப்படலாம் என்றாலும், எந்த ஆர்டர்கள் குறிக்கப்பட்டுள்ளன என்பது தெரியவந்தால் ஊகத்தை விட்டு நேராக எழுத முடியும். வேறு நாடுகளிலும் இதைப் போன்ற சட்டங்கள் உள்ளன. உங்கள் நாட்டின் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தரவைப் பெறும் உரிமை வேறு, கணக்கைத் திறக்கவைக்கும் உரிமை வேறு. தனியார் தளம் ஒருவரை வாடிக்கையாளராக வைத்துக்கொள்ள மறுப்பதைச் சட்டத்தால் மாற்றுவது பெரும்பாலான இடங்களில் கடினம். நிலுவையிலுள்ள ரீஃபண்டைத் தராமல் வைத்திருப்பது அப்படியல்ல. அதற்கு நுகர்வோர் அமைப்புகளை அணுகலாம்.

கணக்கு திறந்த பிறகு

திறந்த கணக்கு பழைய பதிவோடுதான் திறக்கிறது. அடுத்த சில மாதங்களில் வரும் ஒரு ரிட்டர்ன்கூட முன்பைவிடக் கூர்ந்து பார்க்கப்படலாம். எனவே விலையுயர்ந்த, நிலை தெளிவில்லாத பழைய பொருள்களைச் சிறிது காலம் தவிர்ப்பது விவேகம். வாங்கும் முன் கேட்கும் கேள்வியே பெரும்பாலான ரிட்டர்ன்களைத் தடுக்கும். “லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே பூஞ்சையோ மங்கலோ தெரிகிறதா?” என்று செய்திப் பெட்டியில் கேட்டுப் பதிலைப் பெற்றுவிட்டால், பின்னால் சிக்கல் வரும்போது அந்தப் பதிலே சான்று.

திருப்பும்போது உண்மைக் காரணத்தையே தேர்ந்தெடுங்கள், செலவு உங்களுடையதானாலும். பழுது என்ற காரணம் விற்பவரின் தரப் பதிவைப் பாதிக்கிறது. அதனால்தான் நல்ல பொருளுக்கு அப்படிச் சொல்லப்பட்டால் அவர் புகாரளிக்கத் தயங்குவதில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து பொருளின் வரிசை எண் வரை இடைவெட்டு இல்லாத ஒரே வீடியோவாக எடுங்கள். திருப்பியனுப்பும்போதும் அதையே செய்யுங்கள்.

பொருள் வரவில்லை என்று கோரும் முன், டிராக்கிங் “கொடுக்கப்பட்டது” என்று காட்டினால், வீட்டாரையும் அக்கம்பக்கத்தவரையும் கூரியரையும் கேட்டுவிடுங்கள். ஈபேயில் எதிர்பார்த்த கடைசி நாளிலிருந்து 30 நாள் வரை கோரலாம் என்பதால் முதல் நாளே அவசரப்பட வேண்டியதில்லை. பணம் திரும்பிய பிறகு பொருள் வந்தால் அன்றே செய்தி அனுப்புங்கள்.

விற்பவருடன் பேரம் பேசலாம், பகுதித் தொகை கேட்கலாம். ஆனால் அந்தச் செய்தியில் மதிப்பீடு என்ற சொல்லே வரக் கூடாது. குறையின் படத்தை இணைத்து, “திருப்பியனுப்பவா, அல்லது பகுதித் தொகைக்கு நீங்கள் உடன்படுகிறீர்களா?” என்று கேட்டால் போதும். அவர் மறுத்தால் ரிட்டர்ன் கோருங்கள். மதிப்பீட்டை எல்லாம் முடிந்த பிறகு, நடந்தபடி எழுதுங்கள்.

ஒரே மாதிரியான இரண்டு பொருள்களுக்கு ஒரே நேரத்தில் ஏலம் கேட்டுவிட்டு ஒன்றைக் கைவிடுவது, குடும்பத்தில் பலர் ஒரே கணக்கில் வாங்குவது ஆகிய இரண்டும் பணம் செலுத்தாத ரத்துகளைச் சேர்த்துவிடும். ஏலம் கேட்பவர் ஒருவராக இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒன்றாக இருக்கட்டும். தவறுதலாக வாங்கிவிட்டால் உடனே ரத்துக் கோரிக்கை அனுப்புங்கள். விற்பவர் ஏற்றுக்கொண்ட ரத்து, பணம் கட்டாமல் விட்ட ரத்தாகப் பதிவாகாது.